உள்ளே இருக்கும் கடன்: வாடகை வருமானத்துக்கு ஃபிளாட்டா, ரீட்டா?

அண்ணன் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. கைக்கு வந்த பணத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். அதற்குள் யாரோ, பலர் பணத்தில் கட்டடம் வாங்கி வாடகையைப் பிரித்துத் தரும் ரீட் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். உடனே என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, வீட்டு வாடகையை விட அதுல ரெண்டு மடங்கு வருதாமே, நெசமா?"

நெசம்தான், ஆனால் அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பணத்தைப் போடக் கூடாது என்றேன். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அவரைப் போல யோசிப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஃபிளாட். எனக்கு ஒன்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி வருகிறேன். பத்து ஆண்டு முடிந்ததும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பணத்தில் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் 'ஒரு மாத வாடகை' என்பதையே அளவாக வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு செலவையும் அந்த ஆண்டில் வந்த வாடகையால் வகுத்துக்கொண்டேன்.

வீட்டின் விலை 330 மாத வாடகை. பத்திரப் பதிவு, தரகு, குடியேறும் நிலைக்குக் கொண்டுவரச் செய்த வேலை எல்லாம் சேர்த்து இன்னொரு 25. ஆக, நான் போட்டது 355. பத்து ஆண்டில் 120 மாத வாடகை வந்திருக்க வேண்டும். வந்தது 111. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒவ்வொரு முறையும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ வீடு பூட்டிக் கிடந்தது.

அந்த 111-லிருந்து பராமரிப்புக் கட்டணத்துக்கு 12 மாத வாடகை போயிற்று. சொத்து வரிக்கு 5. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பெயின்ட், குழாய், கதவு என்று மொத்தம் 8. புதிய ஆள் பிடித்துக் கொடுத்த தரகருக்கு 4. அப்புறம் அந்தக் குளியலறை. தரைக்கு அடியில் நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் வட்டமாகக் கறை படிந்தது. ஓடு முழுவதையும் பெயர்த்து, கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, திரும்ப ஓடு பதித்து, கீழ்வீட்டுக் கூரைக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அதற்கு 4 மாத வாடகை. எல்லாம் கழித்தால் மிச்சம் 78. ஆண்டுக்கு 7.8 மாத வாடகை.

வாங்கும்போது என் மனதில் இருந்த கணக்கு 330-க்கு 12, அதாவது 3.6 சதவீதம். நோட்டு சொல்லும் கணக்கு 355-க்கு 7.8. அது சுமார் 2.2 சதவீதம்தான், அதுவும் வருமான வரிக்கு முன்பு. வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால் போட்ட முதலுக்கு இந்த விகிதம் காலப்போக்கில் கொஞ்சம் கூடும். வீட்டின் விலையும் ஏறலாம். ஆனால் விலையேற்றத்தை வைத்து மாதச் செலவை ஓட்ட முடியாது. அண்ணனுக்கு வேண்டியது மாதம் கைக்கு வரும் பணம். அதனால் இந்த 2.2-ஐத்தான் ரீட்டோடு ஒப்பிட வேண்டும்.

இனி ரீட். பலரிடம் பணம் திரட்டி அலுவலகம், கடைவளாகம், கிடங்கு, குடியிருப்பு என்று கட்டடங்களை வாங்கி, அவற்றின் வாடகையை, யூனிட் என்ற பங்குகளை வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு அது. அமெரிக்காவில் 1960-ல் சட்டமானது. பிறகு பல நாடுகள் தங்கள் பாணியில் எடுத்துக்கொண்டன. வருமானத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். எதில் 90 சதவீதம் என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் அது வரிக்கு உட்பட்ட வருமானத்தில் 90. பிரிட்டனில் சொத்து வாடகைத் தொழிலின் லாபத்தில் 90. இந்தியாவில் பிரித்துக் கொடுக்கத் தக்க நிகர பணவரவில் 90. மூன்றும் வேறு வேறு கணக்கு. எதிலும் வசூலான வாடகையில் 90 சதவீதம் என்று இல்லை. பணமாகவே தருவார்கள் என்ற உறுதியும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2008 நெருக்கடியை ஒட்டி அமெரிக்க வரித்துறை, பங்கு ஈவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பணமாகவும் மீதியைப் புதிய பங்காகவும் கொடுக்கலாம் என்று தற்காலிகமாக அனுமதித்தது. அந்த வழியில் போன ரீட்டுகளும் உண்டு. வாடகையை நம்பி இருந்தவருக்குக் காகிதம் வந்தது.

இப்போது அண்ணன் கேட்ட 'இரண்டு மடங்கு'. ஒரு பங்கு காரணம் எளிதானது. அலுவலகம், கிடங்கு போன்ற வணிகக் கட்டடங்களுக்கு விலையோடு ஒப்பிட்டால் வாடகை பல ஊர்களில் வீட்டை விட அதிகம். இன்னொரு பங்கைப் பலர் கவனிப்பதே இல்லை. அது கடன்.

அண்ணன் ரொக்கமாக ஃபிளாட் வாங்கினால் அவருக்குக் கடன் இல்லை. அதே ரொக்கத்துக்கு ரீட் யூனிட் வாங்கினாலும் கடன் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரில் இல்லை. ஆனால் யூனிட்டுக்குள் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு ரீட் தன் சொத்து மதிப்பில் 50 சதவீதம் வரை கடன் வாங்கலாம். இந்தியாவில் நிகரக் கடன் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் ரீட்டுக்கென்று சட்டம் எந்த வரம்பும் வைக்கவில்லை.

இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஒரு ரீட்டின் கட்டடங்கள் 100 பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 கடன், 60 நம்முடையது. செலவெல்லாம் போக ஆண்டுக்கு நிற்கும் வாடகை 6. கடனுக்கு வட்டி 4 சதவீதம் என்றால் 1.6 போகும். மிச்சம் 4.4. அது நம் 60-க்கு வரும் வருமானம், அதாவது 7.3 சதவீதம். கட்டடம் தருவது 6 தான், நமக்கு 7.3 வருகிறது. கூடுதலாக வரும் அந்த 1.3, கடன் வட்டி மலிவாக இருப்பதால் கிடைப்பது.

ரீட்டின் கடனுக்கும் தவணைக் காலம் உண்டு. பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். கட்டடத்தை விற்று அடைப்பதில்லை, புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்பார்கள். அந்த நேரத்தில் வட்டி 7 சதவீதமாக இருந்தால்? 40-க்கு 2.8 போகும். மிச்சம் 3.2. நமக்கு வந்துகொண்டிருந்த 4.4 இப்போது 3.2. ஒரு குடித்தனக்காரர்கூடக் காலி செய்யவில்லை, ஒரு சதுர அடிகூடச் சும்மா கிடக்கவில்லை. வருமானம் மட்டும் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதோடு கட்டடங்களின் மதிப்பு 100-லிருந்து 90 ஆனால் கடன் அதே 40 தான் நிற்கும். நம்முடையது 60-லிருந்து 50. கட்டட மதிப்பில் பத்து சதவீதச் சரிவு, நம் பங்கில் கிட்டத்தட்ட பதினேழு.

அண்ணன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுவும் கடன்ல வாங்குன வீடு மாதிரிதானே?" என்றார். ஆமாம், ஆனால் அந்தக் கடனை எப்போது, எந்த வட்டிக்கு வாங்குவது என்று முடிவு செய்பவர் நீங்கள் இல்லை என்றேன்.

2022-ல் உலகம் முழுவதும் வட்டி ஏறியபோது நடந்தது இதுதான். அந்த ஓர் ஆண்டில் அமெரிக்க ரீட் குறியீடு சுமார் 25 சதவீதம் இறங்கியது. அந்த நேரத்தில் ஃபிளாட்டின் மதிப்பும் சில இடங்களில் இறங்கியிருக்கும். ஆனால் ஃபிளாட்டுக்கு யாரும் தினமும் விலை சொல்வதில்லை. ரீட்டில் சொல்வார்கள். கைபேசியில் சிவப்பாகத் தெரியும் எண்ணைப் பார்த்துப் பயந்து விற்றுவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் இதற்குள் வராமல் இருப்பதே நல்லது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். இறங்கிய விலையில் விற்றவருக்கு எந்த வருமானக் கணக்கும் உதவாது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த தொகையை ஐந்து ஆண்டுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். 'மொத்த வாடகை வசூல் உயர்ந்தது' என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். புதிய யூனிட்டுகளை வெளியிட்டுப் புதுக் கட்டடம் வாங்கினால் மொத்தம் உயரத்தான் செய்யும். ஒரு யூனிட்டுக்கு வருவது உயர்ந்ததா என்பதுதான் நம் கேள்வி.

அடுத்து, கொடுத்த தொகை எதனால் ஆனது என்று பாருங்கள். வட்டி, ஈவு, போட்ட முதலிலிருந்தே திருப்பித் தரும் முதல் திருப்பம் என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். முதல் திருப்பம் இருந்தாலே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டடத்துக்குக் கணக்கில் தேய்மானம் எழுதுவார்கள், ஆனால் அந்தப் பணம் கையை விட்டுப் போவதில்லை. அதனால் காட்டும் லாபத்தை விடக் கையிருப்புப் பணம் கூடுதலாகவே இருக்கும், அதையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் மின்தூக்கியும் குளிர்சாதனமும் நிஜமாகவே தேய்கின்றன. அவற்றை மாற்ற ஒதுக்கிய பிறகு கொடுக்கிறார்களா, ஒதுக்காமலே கொடுக்கிறார்களா என்பதுதான் விஷயம். ஒதுக்காமல் கொடுத்தால் அது என் குளியலறைக் கசிவைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தப் பணத்தையும் வாடகை என்று செலவு செய்வது போலத்தான்.

மூன்றாவது, கடன் முதிர்வு அட்டவணை. எந்த ஆண்டில் எத்தனை சதவீதக் கடனைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆண்டுவாரியாக ஒரு படம் இருக்கும். ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்தால் வட்டி ஏற்றம் மெதுவாக வந்து சேரும். ஒரே ஆண்டில் குவிந்திருந்தால் அந்த ஆண்டின் வட்டிதான் உங்கள் வருமானத்தை முடிவு செய்யும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அண்ணனுக்கு என் யோசனை ஃபிளாட் வேண்டாம் என்பதுதான். அவருடைய சேமிப்பு முழுவதும் ஒரே வீடாகிவிடும், வருமானம் முழுவதும் ஒரே குடித்தனக்காரராகிவிடும். அந்த ஒருவர் காலி செய்த மாதம் வரவு பூஜ்யம். மருத்துவச் செலவு வந்தால் வீட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விற்க வழியில்லை. யூனிட்டில் அது முடியும். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பிளம்பர் பின்னால் அலையும் தெம்பு இல்லை. பாதியை வங்கி வைப்பில் வைத்துவிட்டு, மீதியை வேறு வேறு வகைக் கட்டடங்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று ரீட்டுகளில், ஒரே நாளில் அல்லாமல் ஓராண்டுக்குள் பிரித்துப் போடச் சொன்னேன். இதே கேள்வியை முப்பது வயதுக்காரர், நாளை தானே குடியேறும் எண்ணத்தோடு கேட்டிருந்தால் ஃபிளாட்டையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

நேற்று இரவு மறுபடி கூப்பிட்டார். மூன்று ரீட்டுகளின் ஆண்டறிக்கையைத் தரவிறக்கி வைத்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடன் படத்தைத் தேடியிருக்கிறார். "இதுல ஒண்ணுல பாதிக்கு மேல கடன் அடுத்த வருஷமே முடியுதுடா. ஆனா அதுதான் எல்லாத்தையும் விட அதிகமா குடுக்குது. விட்டுடலாமா?"

"விட்டுடலாம்ண்ணே."