கிளட்ச் ஸ்லிப் ஆவுதாம்

காலைல காவேரிப்பட்டணத்துல டீ குடிச்சிட்டு நிக்கறேன், எதிர்ல எங்க சித்தப்பாவோட குட்டியானை போவுது. பின்னாடி அவரு மச்சான் வீட்டு பீரோ, கட்டில், ஒரு வாஷிங் மெஷினு, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு மேட்டுல ஜம்முனு ஏறுது. வயிறு எரியுதுங்க.

போன வாரம் தோட்டத்துல பெங்களூரா மாங்கா அறுத்து 40 ட்ரே கெடந்துச்சு, கூழ் ஃபேக்டரிக்கு போவணும். "சித்தப்பா, நாளைக்கு ஒரே ஒரு ட்ரிப்பு வண்டி குடுங்க"ன்னேன். உடனே பேச்சே இல்ல. மேல பாத்தாரு, துண்ட ஒதறுனாரு, அப்புறம் மெதுவா "அதுக்கென்னப்பா... கிளட்ச்சுதான் கொஞ்சம் ஸ்லிப் ஆவுது"ன்னாரு. அறிவுள்ளவன் அங்கயே எந்திரிச்சு வந்திருப்பான். நான் மெக்கானிக்க கூட்டிட்டு போனேன். என் காசு 650 ரூவா!

இதுல கேவலம் என்னன்னா, நான் காலேஜ்ல எடுக்கற பாடமே இதுதான். கிரைஸ்னு ஒரு தத்துவ பேராசிரியர், 1967ல ஹார்வர்டுல பேசி 1975ல அச்சுல வந்தது. பேசறவங்க ரெண்டு பேரும் ஒத்துழைக்கறாங்கன்னு ஒரு நம்பிக்கை, அதுக்கு நாலு விதி: தேவையான அளவு சொல்லு, உண்மைய சொல்லு, சம்பந்தமா சொல்லு, தெளிவா சொல்லு. வண்டி கேட்டவன்கிட்ட ஒருத்தர் கிளட்ச்ச பத்தி பேசறாருன்னா, சம்பந்தமில்லாம பேசற ஆளில்லையே இவருன்னு யோசிச்சு, அந்த சம்பந்தத்த நாமளே தேடிப்போயி "ஓ, தரமாட்டாரு"ன்னு வந்து சேரணும். அதுக்கு பேருதான் உட்குறிப்பு. போர்டுல அம்புக்குறி எல்லாம் போட்டு நடத்திட்டு, சாயங்காலம் மெக்கானிக்குக்கு போன் அடிச்சவன் நான்.

மெக்கானிக் கீழ படுத்து பாத்துட்டு "கேபிள் ரொம்ப டைட்டா இருக்குண்ணே, ப்ளேயே இல்ல, அதான் ஸ்லிப்பு"ங்கறான். அதாவது மனுஷன் பொய் கூட சொல்லலைங்க! உண்மை விதிய ஒரு கீறல் இல்லாம காப்பாத்திட்டாரு. கிளட்ச் உண்மை, 'தரமாட்டேன்'ங்கறது அதுக்குப் பின்னாடி தனியா நிக்குது. வாயால சொன்னத 650 ரூவா குடுத்து ரிப்பேர் பண்ணேன், சொல்லாததுக்கு எந்த ஊருல மெக்கானிக் இருக்கான்? நான் அளவ பாத்திருக்கணும். தர மனசு இருக்கறவன் "கிளட்ச் ஸ்லிப் ஆவுது, சரி பண்ணிட்டு வியாழக்கிழமை எடுத்துக்கோ"ன்னு இன்னும் நாலு வார்த்தை சேப்பான். இவரு கிளட்ச்சோட ஃபுல் ஸ்டாப் வெச்சுட்டாரு. அந்த ஃபுல் ஸ்டாப்புதான் பதிலு.

சரி, வேலை முடிஞ்சிச்சு, "இப்ப ஓகே சித்தப்பா, சாவி?"ங்கறேன். "ஆமாப்பா... இன்ஷூரன்ஸு வேற முடியப்போவுது"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க, "அப்ப தரமாட்டீங்க, அதான?"ன்னுட்டேன். ஒடனே நெஞ்சுல கைய வெச்சு, "நான் எப்பப்பா தரமாட்டேன்னு சொன்னேன்?"

இதாங்க ஆயுதமே. 'தரமாட்டேன்'னு வாய விட்டிருந்தா வாபஸ் வாங்கும்போது முன்னுக்குப்பின் முரணா ஆயிடும். உட்குறிப்ப அப்டியே ரத்து பண்ணிக்கலாம், சொன்னதுல ஒரு எழுத்து பொய்யாவாது. கிரைஸே எழுதி வெச்சிருக்காரு, ரத்து பண்ண முடியறதுதான் அதோட அடையாளம்னு. நாளைக்கு சொந்தக்காரங்க முன்னாடி பஞ்சாயத்து வந்தா நான்தான் அவரு மனசுல இல்லாதத சொன்னவன்.

உள்ளருந்து சித்தி காபியோட வந்து, "எங்க வண்டிக்கு மெக்கானிக் கூட்டியாந்து செலவும் பண்ற, உன்ன மாதிரி பொறுப்பான புள்ள எங்களுக்கு பொறக்கலையே கண்ணு"ங்கறாங்க. நான் சிரிச்சிக்கிட்டே ரெண்டாவது காபியும் வாங்கி குடிச்சேன்! பைக்க எடுத்துட்டு பாதி வழி வந்தப்புறம்தான் ஒறைக்குது, அது பாராட்டு இல்ல. நக்கல்னா என்ன, பச்சையா பொய்னு ரெண்டு பேருக்கும் தெரியணும், அப்பதான் கேக்கறவன் திருப்பிப் போட்டுப்பான். இங்க ஒருத்தருக்குதான் தெரிஞ்சிருந்துச்சு. அந்த ரெண்டு காபியும் இன்னும் செரிக்கல.

கடைசில வாடகை வண்டி புடிச்சு லோடு எறக்கிட்டு, "எவ்ளோண்ணே?"ன்னு கேக்கறேன். டிரைவரு தலைய சொறிஞ்சிக்கிட்டு "பாத்து குடுங்க சார்"ங்கறாரு. எத பாக்கறது? 1,500 நீட்டுனா வாங்காம மாங்காவ பாக்கறாரு, இன்னொரு 200 வெச்சா வானத்த பாக்கறாரு. யோவ், ஒரு நம்பர சொல்லித் தொலைய்யா!