மயிருக்குள் இருக்கும் படைக்கு மேலே தடவி என்ன பிரயோசனம்?

எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, செதில் உதிர்கிறது. மெடிக்கல் ஷாப்பில் காட்டினால் உடனே ஒரு ட்யூப் வருகிறது. பத்து நாள் தடவுகிறார்கள், கேட்கவில்லை. அடுத்த ட்யூப். இரண்டு மாதம் கழித்து ஒரு திட்டு நாலு திட்டாகி, தங்கச்சியின் தலையிலும் ஒன்று வந்த பிறகுதான் டாக்டரிடம் கொண்டுவருகிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு இதே கதை நடந்தாலும் அந்த ட்யூப் மட்டும் நிற்கவில்லை. வயிறு எரிகிறது.

தலைப்படைக்குக் களிம்பு கேட்காது. எந்தக் கம்பெனிக் களிம்பும் கேட்காது. கையிலோ தொடையிலோ வரும் படர்தாமரை தோலின் மேல்தட்டில் மட்டும் இருக்கும், அங்கே தடவினால் மருந்து போய்ச் சேரும். தலையில் வரும் பூஞ்சை அப்படியில்லை. மயிர்க்காலின் குழிக்குள் இறங்கி, வேரின் குமிழுக்குச் சற்று மேலே வரைக்கும் போய், மயிர்த்தண்டுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. நம் நாட்டில் அதிகம் பார்ப்பது டிரைக்கோபைட்டான் வயலேசியம் என்ற இனம். அது மயிரின் உள்ளே வித்துகளாக நிறைந்து தண்டை உளுத்த மூங்கில் மாதிரி ஆக்கிவிடும். மயிர் தோல் மட்டத்திலேயே ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கும். மேலே தடவும் களிம்பு அந்த ஆழத்துக்கு எப்படி இறங்கும்?

விற்கிற ட்யூபும் சும்மா பூஞ்சை மருந்தாக இருப்பதில்லை. வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த கலவை அது. ஸ்டீராய்டு நாலு நாளில் அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். "குணமாயிடுச்சு" என்று வீட்டில் நம்புவார்கள். அடங்கியது உடம்பின் எதிர்ப்புதான், பூஞ்சை அல்ல. எதிர்ப்பு அடங்கியதும் அது இன்னும் வசதியாகப் பரவுகிறது.

இன்னொரு கூட்டம் "புழுவெட்டு" என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொல்கிறது. புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. செதில், ஒடிந்த மயிர், கரும்புள்ளி, அதோடு பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது படைதான் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மொட்டை அடித்தால் போய்விடும் என்பதும் பொய். கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, பூஞ்சை தோலுக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கத்தியைக் கழுவாமல் அடுத்த தலைக்கு வைத்தால் நோய்தான் கைமாறும்.

செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. கரும்புள்ளியாக நிற்கும் குட்டை மயிரையும் செதிலையும் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நீளமான நல்ல முடியைப் பிடுங்கி அனுப்பினால் ஒன்றும் தெரியாது, "நெகட்டிவ்" என்று வந்து குழப்பும். சுரண்டியதிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் போட்டால் எந்த இனம் என்று தெரியும், ஆனால் ரிசல்ட் வர இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். படை என்று தெளிவாகத் தெரிகிற பிள்ளைக்கு அதுவரை மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து வாய்வழியாகத்தான் போக வேண்டும். இரத்தம் வழியாக மயிர்க்காலுக்கு வந்தால்தான் பூஞ்சையின் இடத்தை அடையும். கிரிசியோபுல்வின் என்ற பூஞ்சை மாத்திரை, புதிதாக உருவாகும் மயிரின் கெரட்டின் என்ற புரதத்தில் படிந்துகொள்கிறது. அது பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை, வளர விடாமல் தடுக்கிறது. மருந்து ஏறிய புது மயிர் கீழிருந்து வளர்ந்து, பழைய மயிரை வெளியே தள்ள வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இந்த மாத்திரையை ஆறு முதல் எட்டு வாரம் கொடுப்பது ஏன் என்பதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது வாரத்தில் அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறீர்களே, உள்ளே பழைய மயிர் அப்படியே இருக்கிறது!

25 கிலோ எடையுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கிரிசியோபுல்வின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 500, அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. எட்டு வாரத்துக்கு 112 மாத்திரை. இதைப் பெரியவர்களின் தோல் படைக்குச் சொல்லும் குறைந்த கணக்கில், நாளைக்கு ஒன்று என்று எழுதிக்கொடுத்துவிட்டு "மருந்து கேட்கலை" என்பது நியாயமா? வெறும் வயிற்றில் கொடுப்பது அடுத்த தப்பு. கொழுப்போடு சேர்ந்தால்தான் இது நன்றாக உடம்பில் ஏறும். முட்டை, நெய் விட்ட சோறு, நல்லெண்ணெய் குழைத்த பொடியோடு இட்லி, முழுக்கொழுப்புப் பால், எதுவானாலும் சரி, சாப்பிட்ட கையோடு கொடுங்கள். தலைவலியும் வயிற்றுக் கலக்கமும் சிலருக்கு வரும். வெயில் பட்டால் தோல் சிவக்கலாம்.

டெர்பினாபின் பூஞ்சையைக் கொல்லும் மருந்து, நாட்களும் குறைவு. அதே 25 கிலோ பிள்ளைக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், அதாவது 250 மாத்திரையில் பாதி. நாலு வாரத்துக்கு 14 மாத்திரை போதும். 20 கிலோவுக்குக் கீழே கால் மாத்திரை, 40 கிலோவுக்கு மேல் முழு மாத்திரை. டிரைக்கோபைட்டான் இனத்துக்கு இதுவே நல்லது. ஆனால் பூனைக்குட்டியிடமிருந்து ஒட்டும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் இனத்துக்கு இது சுமார்தான், அங்கே கிரிசியோபுல்வின்தான் கைகொடுக்கும். அதனால்தான் வீட்டில் பூனை, நாய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கல்லீரல் கோளாறு உள்ள பிள்ளைக்கு இரண்டுமே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். டெர்பினாபின் தொடங்கும் முன் கல்லீரல் இரத்தச் சோதனை பார்ப்பதும் உண்டு. மஞ்சள் காமாலை தெரிந்தாலோ, சாப்பாட்டில் ருசி போனாலோ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மாத்திரை தொடங்கிய சில நாளில் காது ஓரத்திலும் கழுத்திலும் முகத்திலும் பொடிப்பொடியாக அரிக்கும் தடிப்பு வரலாம். உடனே "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பல சமயம் அது அலர்ஜி இல்லை, சாகிற பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை விடாமலே அரிப்புக்கு மட்டும் வைத்தியம் செய்ய முடியும்.

எல்லாவற்றையும் விடக் கோபம் வருவது கெரியன் விஷயத்தில். தலையில் மெத்தென்று வீங்கி, சீழ் கசியும் கட்டி. பார்த்தவுடன் கத்தி வைத்துக் கீறிவிடுகிறார்கள். சீழ் அதிகம் வராது, ஏனென்றால் அது பூஞ்சைக்கு எதிரான வீக்கம், சாதாரணச் சீழ்க்கட்டி இல்லை. கீறுவதால் பிள்ளைக்கு வலிதான் மிச்சம். மாத்திரை தாமதமாகிற ஒவ்வொரு வாரமும் அங்கே தழும்பு விழுந்து முடி நிரந்தரமாகப் போகிற அபாயம் கூடுகிறது. அதற்கும் மருந்து அதே மாத்திரைதான்.

ஷாம்பு மட்டும் துணைக்கு வேண்டும். கீட்டோகோனசோல் 2 சதவீதமோ செலினியம் சல்பைடோ, வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அது நோயைக் குணப்படுத்தாது, வித்துகள் உதிர்ந்து மற்றவருக்குப் பரவுவதைக் குறைக்கும். வீட்டில் எல்லோரும் சில வாரம் போடுங்கள். அண்ணன் தம்பி தங்கைகளின் தலையை வெளிச்சத்தில் வகிடு பிரித்துப் பாருங்கள். சீப்பும் தொப்பியும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். மாத்திரையும் ஷாம்பும் தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வாரக்கணக்கில் துரத்த வேண்டிய அவசியமே இல்லை.

மாத்திரைக் கெடு முடிந்ததும் முடி முளைத்துவிட்டதே என்று விட்டுவிடாமல் மறுபடி சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செதில் குறைந்தும் பூஞ்சை இன்னும் தெரிந்தால், இன்னும் இரண்டு முதல் நாலு வாரம் மாத்திரை நீள வேண்டும்.