எக்ஸ்போஷரைக் குறைத்தால் தூண் நிமிராது

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போட்டியில் நம் பையன்களின் ட்ரோன், கேமராவைப் பார்த்துத் தானே வழி கண்டுபிடித்துப் பறக்கும் வகை, இரண்டு வளையங்களை அழகாகத் தாண்டி, மூன்றாவதற்காகச் சடாரென்று திரும்பி, நேரே வலையில் போய் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் அதன் கீழே ஒரு பெரிய மனிதர் போட்ட கருத்தைப் பார்த்துத்தான். "குளோபல் ஷட்டர் எல்லாம் காசு பிடுங்குற வேலை தம்பி. எக்ஸ்போஷரை 1/2000-க்குக் குறைச்சா ஆட்டம் நின்னுடும். முதல்ல கேலிப்ரேஷன் கத்துக்கோங்க." அதற்கு எத்தனை இதயங்கள்!

நிற்காது சார். நிற்கவே நிற்காது.

எக்ஸ்போஷர் என்பது ஒரு வரிசை பிக்சல் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது. பையன்களிடம் இருந்தது ரோலிங் ஷட்டர் கேமரா, அதன் சிக்கல் அது இல்லை. மேல் வரிசை தொடங்கிய பிறகு அடுத்த வரிசை, அதற்குப் பிறகு அடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தொடங்குவதுதான் சிக்கல். குளோபல் ஷட்டரில் எல்லா வரிசையும் ஒரே கணத்தில் தொடங்கும். 480 வரிசைப் படத்தில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 20 மில்லி நொடி இடைவெளி என்று வையுங்கள். எக்ஸ்போஷரை அரை மில்லி நொடி ஆக்கினால் ஒவ்வொரு வரிசையும் துல்லியமாக விழும். அந்த 20 மில்லி நொடி அப்படியே இருக்கும். முன்பு மங்கலாகச் சாய்ந்திருந்த தூண் இப்போது பளிச்சென்று சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு சாயும்? ட்ரோன் நொடிக்கு 180 டிகிரி திரும்புகிறது. போட்டியில் இது ஒன்றும் பெரிய வேகமில்லை. 20 மில்லி நொடியில் 3.6 டிகிரி. லென்ஸின் குவியத் தூரம் 500 பிக்சல் என்றால் அது சுமார் 31 பிக்சல். அதாவது நேரான தூணின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 31 பிக்சல் விலகல். வலப்புறம் திரும்பினால் உச்சி வலப்புறம் சாயும், இடப்புறம் திரும்பினால் இடப்புறம். படத்தில் புள்ளிகள் நகர்வதை வைத்து ட்ரோன் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் விஷுவல் ஓடோமெட்ரி நிரலோ ஒன்றிரண்டு பிக்சல் பிசகினாலே அந்தப் புள்ளியைத் தூக்கி எறியும் வகை.

இது அழகுப் பிரச்சினை இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஓடோமெட்ரி நம்புவது ஒன்றே ஒன்று: ஒரு படம் என்றால் ஒரு கணம், அந்தக் கணத்தில் கேமரா ஓரிடத்தில் இருந்தது. ரோலிங் ஷட்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி நேரம். நாம் மொத்தப் படத்துக்கும் ஒரே நேர முத்திரை குத்தி அனுப்புகிறோம். ட்ரோன் மூக்கைக் கீழே சாய்த்தால் காட்சி மேலே ஏறும், வரிசை வாசிப்பு கீழே இறங்கும், உயரம் மட்டும் சுருங்கிப் பதிவாகும். அகலம் மாறாது. எந்த உண்மையான நகர்வும் அப்படி ஒரு படத்தைத் தராது. நிரல் என்ன செய்யும் பாவம்? பிழையைத் தூரத்தில் கொஞ்சம், சாய்வில் கொஞ்சம், ஐஎம்யூ என்ற அசைவு உணரியின் பயாஸில், அதாவது அந்த உணரியின் வழக்கமான பிசகு இவ்வளவு என்று நிரல் கணித்து வைத்திருக்கும் எண்ணில் கொஞ்சம் என்று பங்கு போட்டு வைக்கும். பயாஸில் போன பங்குதான் விஷம். திருப்பம் முடிந்து நேராகப் பறக்கும்போதும் அது உடனே போகாது. வீடியோவை மறுபடி பாருங்கள், ட்ரோன் திருப்பத்தில் விழவில்லை, திரும்பி முடித்த பிறகுதான் வழுக்கிக்கொண்டு போகிறது.

நேரம் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிய செவ்வாய்க்கே போகலாம். 2021 மே 22, நாசாவின் இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டரின் ஆறாவது பறத்தல். நடுவில் ஒரே ஒரு படம் தொலைந்தது. அதற்குப் பிறகு வந்த படங்கள் எல்லாம் தவறான நேர முத்திரையோடு வந்தன. ஹெலிகாப்டர் 20 டிகிரிக்கு மேல் முன்னும் பின்னும் ஆடியது, எப்படியோ பத்திரமாக இறங்கியது. அது ஷட்டர் கோளாறு இல்லைதான். ஆனால் படம் முழுக்க நேரம் தவறினால் அந்தக் கதி. இங்கே ஒவ்வொரு வரிசையும் தவறுகிறது. இன்னொன்று, அதில் படம் காட்ட 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா ரோலிங் ஷட்டர். வழி கண்டுபிடிக்க வைத்ததோ 640×480 கறுப்பு வெள்ளை, குளோபல் ஷட்டர். நாசாவிலும் காசு பிடுங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் கிடங்கில் ஓடும் வண்டி ஒன்று இருந்தது. திரும்பும்போது படத்தில் இரும்பு ரேக்குகள் சாய்ந்து தெரியும். மேலாளர் பார்த்துவிட்டு, "மவுண்ட் கோணலா இருக்கு" என்று ஒரு வாஷரை வைத்து முறுக்கச் சொன்னார். இடப்பக்கத் திருப்பத்தில் ரேக் நிமிர்ந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வலப்பக்கத் திருப்பத்தில் இருமடங்கு சாய்ந்தது. நின்றால் சரியாக இருந்த படம் இப்போது நின்றாலும் கோணல். வண்டி நிற்கும்போது நேராகவும், திரும்பும் திசைக்கேற்பச் சாய்ந்தும் தெரிந்தால் கோளாறு மவுண்டில் இல்லை என்று சொன்னேன். "நீங்க சின்னப் பையன்" என்றார். இன்றைக்கும் அந்த வாஷர் அங்கேதான் இருக்கும்.

சரி, "போன் எல்லாம் ரோலிங் ஷட்டர்தானே, அதில் ஏஆர் ஓடவில்லையா?" என்பீர்கள். ஓடுகிறது. போன் தயாரிப்பவருக்கு அந்தச் சென்சாரின் வாசிப்பு நேரம் தெரியும், ஐஎம்யூவும் கேமராவும் ஒரே கடிகாரத்தில் ஓடும், பிடித்திருப்பது மனிதக் கை. "மென்பொருளில் திருத்தலாமே?" திருத்தலாம். வின்ஸ்-மோனோ என்ற ஓடோமெட்ரி நிரலின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி:

```
rolling_shutter: 1
rolling_shutter_tr: 0.02
```

இது ஒவ்வொரு புள்ளியையும் அதன் வரிசைக்கேற்ற நேரத்துக்கு நகர்த்தும், அந்தச் சிறு இடைவெளியில் புள்ளி சீரான வேகத்தில் போனது என்று வைத்துக்கொண்டு. மெதுவான ரோபோவுக்கு இது போதும், வீடு பெருக்கும் ரோபோவுக்கு இதுகூட வேண்டாம். ஆனால் புரொப்பெல்லர் அதிர்வு 150 ஹெர்ட்ஸ் என்றால் 20 மில்லி நொடிக்குள் மூன்று முழு ஆட்டம். ஒரே படத்துக்குள் தூண் மூன்று முறை நெளியும். எங்கே சார் சீரான வேகம்? நொடிக்கு 200 அளவு எடுக்கும் ஐஎம்யூவால் அந்த ஆட்டத்தைப் பிடிக்கக்கூட முடியாது. கேலிப்ரேஷன் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் இதுதான் நிலை.

"குளோபல் ஷட்டருக்கு வெளிச்சம் போதாது, மெகாபிக்சல் குறைவு." ஆமாம், அதன் பிக்சலுக்குள், வாங்கியதைத் தேக்கி வைக்கவும் இடம் வேண்டும், அதனால் மங்கல் வெளிச்சத்தில் திணறும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் படம் இழுபடவும் செய்யும். ஒப்புக்கொள்கிறேன். மெகாபிக்சல் பற்றி மட்டும் பேசாதீர்கள், சத்தியமாகக் கோபம் வரும். அந்தப் பையன்கள் கேட்டது ராஸ்பெர்ரி பையின் 1.6 மெகாபிக்சல் குளோபல் ஷட்டர் கேமரா. 2023-இல் வந்தபோது 50 டாலர், லென்ஸ் தனி. "8 மெகாபிக்சல் அதைவிடக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குதே, 1.6-க்கு எதுக்கு இவ்வளவு?" என்று கொள்முதல் கமிட்டி கோப்பைத் திருப்பி அனுப்பியது. கையெழுத்துப் போடாதவர் யாரும் வலைக்கு முன்னால் நிற்கவில்லை. நின்றது இருபது வயதுப் பிள்ளைகள், அதுவும் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில். அதற்கு மேல் "கேலிப்ரேஷன் கத்துக்கோங்க" என்று ஓர் உபதேசம். அவர்கள் கேலிப்ரேஷன் செய்த இரவுகளில் நான் கூட இருந்தேன் ஐயா. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

"நீ அவர்கள் பக்கம், அதனால்தான் பேசுகிறாய்" என்று ஒருவர் வருவார். ஆமாம், அவர்கள் பக்கம்தான்.

அன்றைய பறத்தலில் பதிவான தரவெல்லாம் இருக்கும் பேக் ஃபைலைத் தரப் பையன்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியின் ரீப்ரொஜெக்ஷன் பிழையை, அதாவது நிரல் எதிர்பார்த்த இடத்துக்கும் படத்தில் அது விழுந்த இடத்துக்கும் உள்ள விலகலை, அது எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கு எதிராக வரைந்து பாருங்கள். லென்ஸ் கேலிப்ரேஷன்தான் காரணம் என்றால் ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடிவம் ஒரே மாதிரி இருக்கும். ஷட்டர் என்றால் கோடு சாய்வாக விழும், திசை மாறும்போது சாய்வும் மாறும். வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். வரைபடம் இல்லாமல் வரும் கருத்துகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.