லீவு இல்லை என்று எழுதுவது எப்படி

மூன்று நாளாக எங்கே பார்த்தாலும் அந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்தான். எந்தக் கடை, யார் எழுதியது என்று நான் சொல்லப்போவதில்லை. ஹட்டன் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் லீவு கேட்கிறவர்கள் அப்படியே வீட்டில் இருந்துகொள்ளலாம், திரும்பி வரத் தேவையில்லை என்று ஒரு கடை மேனேஜர் போட்ட பதில். அதையும் கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில், கேட்ட பிள்ளையின் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மேனேஜரை விட, அதன் கீழே வந்து "சரியாத்தானே சொல்லியிருக்கார், சீசன் நேரத்துல லீவு கேட்டா வேற என்ன சொல்றது" என்று எழுதினவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். எல்லாம் நம் ஆட்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா லீவு கேட்டுக் கங்காணி முன்னால் நின்றதைப் பார்த்தவர்கள்.

நானும் இதே ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் மேனேஜராக இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் லீவு மறுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மறுக்கிறேன். அதனால் "கடை நடத்திப் பார்த்தாத்தான் தெரியும்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். லீவு இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஏன் இல்லை, எப்போது உண்டு, இந்த இரண்டும் அதே பதிலில் இருக்க வேண்டும். பதில் கேட்டவளுக்கு மட்டும் போக வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த கையோடு வருகிற சனி, ஞாயிறுதான் எங்களுக்கு வருடத்தின் பெரிய நாட்கள். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அதில் பிள்ளைகள் உடுப்புப் பகுதிதான் ஆகக் கஷ்டம். சேலையைத் தோளில் வைத்துப் பார்த்தால் முடிந்தது. பிள்ளைக்கு அப்படி இல்லை. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு மூன்று அளவு, மூன்று நிறம், போட்டுப் பார்த்து, கழற்றி, அடுத்த அளவை எடுத்து வந்து... ஒரு குடும்பத்தோடு அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், அதுவும் எந்த அளவு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்த ஆள்.

2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. எங்கள் பிள்ளைகள் பகுதியில் நான்கு பேர். அதில் ஒருத்தி நிச்சயதார்த்தத்துக்காக ஒகஸ்ட் மாதமே ஒக்டோபர் 26, 27 சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதி வாங்கிவிட்டாள். இன்னொருத்தி 25, 26, 27 கேட்டு வந்தாள். அவளுடைய அண்ணன் கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறார். கட்டுநாயக்காவுக்குக் கூப்பிடப் போய், இரண்டு நாள் வீட்டில் அவரோடு இருக்க ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அவளையும் விட்டால் மிஞ்சுவது இரண்டு பேர். ஒருத்தி பில் எழுத நின்றால், உடுப்பு எடுத்துக் காட்ட ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தி காலை முதல் இரவு வரை சாப்பிடக்கூடப் போக முடியாது. என் கணக்கு அந்த ஒருத்தியைப் பற்றியது. விற்பனையை அப்புறம்தான் பார்த்தேன்.

அவள் கேட்டது செவ்வாய்க்கிழமை. மறுநாள் அவளுடைய போனுக்கு இப்படி அனுப்பினேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்:

"தங்கச்சி, 25, 26, 27 மூன்று நாளும் லீவு கேட்டிருந்தீங்க. 26, 27 தர முடியாது. பிள்ளைகள் பகுதியில் ஒருவருக்கு அந்த இரண்டு நாளும் ஒகஸ்டிலேயே கொடுத்தாச்சு, நீங்களும் போனா ரெண்டு பேர்தான் இருப்பாங்க. 25 வெள்ளி எடுக்கலாம். தீபாவளி முடிஞ்சு நவம்பர் 1 முதல் 4 வரை நான்கு நாள் உங்களுக்கு இப்பவே புத்தகத்தில் எழுதிட்டேன், தீபாவளியோட சேர்த்தா அஞ்சு நாள் அண்ணனோட இருக்கலாம். சேலைப் பகுதியில் உங்க வேலை தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட 26ஆம் தேதிக்கு மாறி நிக்க முடியுமானு நானே கேட்கிறேன். உறுதி இல்லை. வெள்ளிக்குள்ள முடிவைச் சொல்றேன். இந்தத் தேதிகள் சரிவராட்டி நாளைக்கு வந்து பேசுங்க."

இதில் பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் யோசித்து எழுதியது. கேட்ட தேதியும் பதிலும் முதலிலேயே வந்துவிடுகின்றன. நான்கு வரி நலம் விசாரித்து, குடும்பம் குடும்பம் என்று உருகி, கடைசியில் "இல்லை" என்று முடித்தால், படிக்கிற பிள்ளை அந்த நான்கு வரியும் நெஞ்சு படபடக்கப் படிக்கும். காரணத்தில் அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அண்ணன் வருவது முக்கியமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? "எல்லாருக்கும்தான் அண்ணன் இருக்கான்" என்று எழுதுகிறவர்கள் அந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஆள் பற்றாக்குறை கடையுடைய பிரச்சினை. அதை அவளுடைய ஆசையின் குறையாக மாற்றக் கூடாது.

அப்புறம் அந்த மாற்றுத் தேதி. "பிறகு பார்த்துத் தாறேன்" என்பது மாற்றுத் தேதி இல்லை. புத்தகத்தில் எழுதின நாள்தான் மாற்றுத் தேதி. எழுதினதை நான் நவம்பரில் மறந்தாலும் அவள் புத்தகத்தைக் காட்டிக் கேட்கலாம். மாறி நிற்க ஆள் தேடும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். "யாராவது ஆள் பிடிச்சுட்டு வா, லீவு தாறேன்" என்று சொல்லிவிட்டால், சேர்ந்து ஆறு மாதம் ஆன பிள்ளை எட்டு வருடம் வேலை செய்த அக்காக்களிடம் போய்க் கெஞ்ச வேண்டும். சத்தமாகக் கேட்கத் தெரிந்தவளுக்கு மட்டும் லீவு கிடைக்கும்.

"முதலாளி விடமாட்டார்" என்றும் நான் எழுதுவதில்லை. முடிவு என்னுடையது என்றால் என் பெயரில்தான் போக வேண்டும். முதலாளியின் தலையில் போட்டால் அவள் முதலாளியிடம் போவாள், அவர் எதையோ நினைத்து விட்டுவிடுவார், போன வாரம் அமைதியாக ஏற்றுக்கொண்டவள் ஏமாளி ஆகிவிடுவாள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு கடையில் இருந்தேன். அப்பாயி இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக லீவு கேட்டேன். "பார்ப்போம்" என்றார்கள். அடுத்த நாள் கேட்டால் "பார்ப்போம்னு சொன்னேனே". நான் பையைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசி நாள் பின்னேரம்தான் இல்லை என்று தெரிந்தது. அதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை, அடுத்த நாள் வேலைப் பட்டியலில் என் பெயர் இருந்ததை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன். முன்னமே இல்லை என்றிருந்தால் வீட்டில் சொல்லியிருப்பேன், அம்மா அந்த ராத்திரி ஹட்டன் ஸ்டேஷனில் வந்து எனக்காக நின்றிருக்க மாட்டார். இன்றைக்கும் அந்த "பார்ப்போம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். ஆகவே சொல்கிறேன், கேட்ட மறுநாளைக்குள் பதில் போக வேண்டும். முடிவு எடுக்க முடியவில்லை என்றால், எந்த நாள் முடிவு தெரியும் என்றாவது போக வேண்டும்.

இனிச் சிலர் வருவார்கள். "இவ்வளவு தன்மையாப் பேசினா தலையில ஏறிடுவாங்க." ஏறட்டும், யார் ஏறினார்கள் என்று காட்டுங்கள். எங்கள் கடையில் தீபாவளி வாரத்தில் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றவர்கள் அநேகமாக இல்லை. பொய் சொல்லிக்கொண்டு நிற்பது எங்கே நடக்கும்? உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்த கடையில்தான் மாதத்துக்கு ஒரு பாட்டி சாவார்.

"முதலில் கேட்டவளுக்குக் கொடுத்துட்டு அடுத்தவளுக்கு இல்லைன்னா அது நியாயமா?" இது நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முன்கூட்டித் தெரிகிற விசேஷம் உள்ளவளுக்கு அது சாதகம்தான். அதனால் போன வருடம் யார் விட்டுக்கொடுத்தது என்பதையும் புத்தகத்தில் குறித்துவைக்கிறேன். அந்த வருடம் விட்டுக்கொடுத்தவளுக்கு அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் உரிமை. சாவு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அன்றைக்குப் போகச் சொல்லிவிட்டு நானே கவுண்டரில் நிற்பேன்.

"லீவு என்ன அவங்க உரிமையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. எந்த நாளில் எடுப்பது என்பதைப் பேசிக்கொள்ளலாம். லீவு உண்டா என்பதைப் பேச இடமே இல்லை. உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி எழுதாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி அரசாங்கத்துக்கு விடுமுறை, வங்கிக்கு விடுமுறை. தனியார் கடைகளுக்கான வர்த்தக விடுமுறையில் அது இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது, தீபாவளி இல்லை. ஹட்டனில் நாம் கடையை மூடுவது நம் பழக்கத்தால்தான். ஊருக்கெல்லாம் தீபாவளி உடுப்பு எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் முந்தின இரவு மிஞ்சின துணியை மடித்துவைத்துவிட்டு, பஸ் இருக்குமோ இல்லையோ என்று ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் பலகாரம் சுட்டு முடிந்திருக்கும், தம்பி தங்கைகள் தூங்கியிருப்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் "வீட்டிலேயே இருந்துக்கலாம்" என்று எழுதுகிறீர்கள், அதற்கு இருநூறு பேர் லைக் போடுகிறீர்கள்.

ஹட்டன் கடை முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் தீபாவளிக்கு முந்தின இரவு ஏழு மணிக்குக் கடையை மூடுங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்கு எல்லாக் கடையும் சேர்ந்து வேன் பிடித்துக் கொடுங்கள். எங்கள் முதலாளியிடம் நான் பேசிவிட்டேன். மற்றக் கடைகளும் மூடினால் தானும் மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்.