மணத்தை நம்பிக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

"வெள்ளம் வடிஞ்சதும் கிணத்துக்குக் குளோரின் போட்டாச்சு. மணம் வருது, இனி கொதிக்க வைக்காமலே குடிக்கலாம்."

இது தவறு. வெள்ளம் கொண்டுவந்த சேறும் மலக்கழிவும் குளோரினைத் தின்றுவிடும். கழிவிலுள்ள அமோனியாவோடு சேர்ந்த குளோரினும் மணக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் வலு அதற்கு மிகக் குறைவு.

முல்லைத்தீவில் 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று வைப்போம். அது ஏறக்குறைய 6,300 லீற்றர். 30 வீதக் குளோரின் தூள் 40 கிராம் கரைத்து ஊற்றினால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் சேரும். அரை மணி நேரம் கழித்து, சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, குளோரின் இருந்தால் நிறம் மாற்றும் டிபிடி வில்லை ஒன்றைப் போடுங்கள். இளஞ்சிவப்பு உடனே வந்தால் கிருமியைக் கொல்லும் குளோரின் மிஞ்சியிருக்கிறது. நிற அட்டையில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். நிறமே வராவிட்டால் போட்டதெல்லாம் அழுக்குக்கே போய்விட்டது. கலங்கல் என்றால் முதலில் இறைத்துச் சேறு அள்ளுங்கள், அப்புறம் மறுபடி போடுங்கள்.

இன்று நிறம் வந்தாலும் நாளைக்கு அது செல்லாது. புது ஊற்று ஊறியதும் குளோரின் குறையும். அதனால் மழைநாட்களில் தினமும் சோதியுங்கள், குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.