நியூரம்பெர்க்கில் ஒரு அரைப்புள்ளி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் வழக்கைப் பற்றி நம்மிடையே ஒரு கதை உண்டு. தன் சொந்தக் குடிமக்களை எந்த அரசு கொன்றாலும் உலகம் கேள்வி கேட்கும் என்று 1945இல் முடிவாகிவிட்டது, ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்’ அப்படித்தான் பிறந்தது என்பார்கள். எனக்கு இந்தக் கதை பாதிதான் சரி என்று படுகிறது. குற்றத்துக்குப் பெயர் வைத்தது உண்மை. வைத்த கையோடு அதற்கு ஒரு கட்டும் போட்டார்கள். அந்தக் கட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் வழக்கு நடத்திய நேச நாடுகளுக்கு இருந்த சிக்கலைப் பார்ப்போம். எதிரி நாட்டுப் பொதுமக்களையும் கைதிகளையும் கொல்வது போர்க்குற்றம் என்று பழைய ஒப்பந்தங்களிலேயே இருந்தது. போலந்து யூதரை ஜெர்மானியர் கொன்றதை அதில் அடக்கிவிடலாம். ஆனால் ஜெர்மனி தன் சொந்த நாட்டு யூதரைக் கொன்றால்? அன்றைய சர்வதேசச் சட்டத்தில் அது உள்நாட்டு விவகாரம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் புதிய குற்றம் தேவைப்பட்டது. 1915இல் ஆர்மீனியப் படுகொலையின்போது பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து விட்ட கண்டன அறிக்கையிலேயே ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் அதன் பேரில் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் யாரையும் விசாரிக்கவில்லை. 1945 ஜூலையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனுக்கு இந்தத் தலைப்பைப் பரிந்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். அவருடைய குடும்பம் லுவோவ் நகரத்தில் ஏறக்குறைய முழுதாக அழிக்கப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு வல்லரசுகளும் நியூரம்பெர்க் நீதிமன்றத்துக்கான சாசனத்தில் கையெழுத்திட்டன. அதன் 6(c) பிரிவில் இரண்டு பகுதிகள். போருக்கு முன்போ போரின்போதோ எந்தக் குடிமக்கள் மீதும் நடத்தும் கொலை, அழித்தொழிப்பு, அடிமைப்படுத்தல், நாடுகடத்தல் போன்றவை முதல் பகுதி. அரசியல், இன, மத அடிப்படையிலான துன்புறுத்தல் இரண்டாவது. அதற்குப் பின்னால் ஒரு வால்: ‘இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட வேறொரு குற்றத்தை நிறைவேற்றும் வகையில் அல்லது அதனுடன் தொடர்புடையதாக’ இருக்க வேண்டும். நடைமுறையில் போருடன் தொடர்பு இருக்க வேண்டும் என்று பொருள். ஆங்கில, பிரெஞ்சு வாசகங்களில் இரண்டு பகுதிக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி இருந்தது. அதனால் வால் இரண்டாம் பகுதிக்கு மட்டும் என்று படிக்க முடிந்தது. கொலைக்குப் போர்த் தொடர்பு தேவையில்லை. ரஷ்ய வாசகத்திலோ அந்த இடத்தில் கமா. அக்டோபர் 6 அன்று பெர்லினில் கூடி, அரைப்புள்ளியை எடுத்துவிட்டுக் கமா போடுவது என்று நான்கு நாடுகளும் தனியாக ஒரு திருத்த ஆவணத்தில் கையெழுத்திட்டன. வால் இப்போது எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

அச்சுப்பிழைத் திருத்தம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. லண்டன் பேச்சுவார்த்தையில் ஜாக்சன் ஒளிவுமறைவில்லாமலே பேசியிருக்கிறார். இன்னொரு அரசு தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பது பொதுவாக எங்கள் வேலை இல்லை, எங்கள் நாட்டிலும் சிறுபான்மையினர் நியாயமாக நடத்தப்படாத வருந்தத்தக்க நிலைமைகள் உண்டு, எனவே போருடன் முடிச்சுப் போட்டால்தான் தலையிட முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனி இருக்கை, தனிப் பள்ளி. சோவியத்தில் ஸ்டாலினின் முகாம்கள். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் காலனிகள். இந்த நால்வரில் யாருக்குத்தான் கட்டில்லாத குற்றம் வேண்டியிருந்திருக்கும்?

அந்தக் கமா எப்படி வேலை செய்தது என்பதை ஜூலியஸ் ஸ்ட்ரைஷர் மீதான தீர்ப்பில் பார்க்கலாம். இவர் படை நடத்தியவர் இல்லை, முகாம் நடத்தியவரும் இல்லை. ‘டெர் ஷ்டூர்மர்’ என்ற யூத வெறுப்புப் பத்திரிகையை 1923 முதல் நடத்தியவர். 1933இல் யூதக் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்குப் பொறுப்பேற்றவர். 1938 ஆகஸ்டில் நியூரம்பெர்க் நகர யூத ஜெபாலயம் இடிக்கப்பட்டதற்கு அவரே பொறுப்பு என்கிறது தீர்ப்பு. ஆனால் புறக்கணிப்பும் இடிப்பும் போருக்கு முந்தியவை. ஆக்கிரமிப்புப் போருக்குச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்த நீதிபதிகள், மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக மட்டும் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள்.

எப்படி? கிழக்கே யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அழிவுக்குத் தூபம் போட்டு எழுதினார், ஆகவே அது போர்க்குற்றங்களுடன் தொடர்புடைய துன்புறுத்தல் என்றார்கள். கொலைகள் நடப்பதே எனக்குத் தெரியாது என்றார் ஸ்ட்ரைஷர். அவரைக் காட்டிக்கொடுத்தது அவரே படித்துவந்த சுவிட்சர்லாந்து யூத வாரப் பத்திரிகை. ஐரோப்பாவில் யூதர்கள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள் என்று அதில் வந்த செய்தியை, 1943 நவம்பரில் தன் பத்திரிகையில் எடுத்துப் போட்டு, இது யூதப் பொய் அல்ல என்று குறிப்பும் எழுதியிருந்தார். அப்புறம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

ஸ்ட்ரைஷருக்குக் கிடைத்த தண்டனையில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் பத்து வருடத்துக்கும் மேலாக விதைத்தது கதையின் பின்னணி ஆகிவிட்டது, போர்க்கால எழுத்து மட்டும் குற்றமாகியது.

இன்னும் உறுத்துவது 1938 நவம்பர். ஜெர்மனி முழுக்க ஜெபாலயங்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கான யூதர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், போதாதென்று யூதச் சமூகத்தின் மீது நூறு கோடி மார்க் அபராதம். அந்த அபராதத்தை விதித்த நாஜித் தலைவர் கோரிங் குற்றவாளிக் கூண்டிலேயே உட்கார்ந்திருந்தார். நீதிமன்றமும் எல்லாவற்றையும் விவரமாகப் பதிவு செய்தது. ஆனால் 1939க்கு முந்தைய செயல்கள் எவ்வளவு கொடூரமானவையாக இருந்தாலும், போருடன் தொடர்பு போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை, எனவே அவற்றைச் சாசனத்தின் பொருளில் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க முடியாது என்று 1946இல் தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். எந்த ஓட்டைக்காகப் புதிய குற்றம் வந்ததோ, அந்த ஓட்டை அப்படியே திறந்து கிடந்தது.

கட்டை அவிழ்க்க ஒரு முயற்சியும் நடந்தது. 1945 டிசம்பரில் ஜெர்மனியை ஆண்ட நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் குழு கொண்டுவந்த சட்டம் எண் 10இல் அந்த வால் இல்லை. சரி, இனி வழி பிறக்கும் என்று பார்த்தால், தொழிலதிபர் ஃபிரீட்ரிஷ் ஃபிளிக் வழக்கில் அமெரிக்க நீதிபதிகள் 1939 செப்டம்பருக்கு முந்தையதைத் தொட மறுத்தார்கள். யூதர்களை மிரட்டிச் சொத்துகளை வாங்கிய விவகாரம் அதோடு போயிற்று. அவருக்குக் கிடைத்த ஏழு ஆண்டுச் சிறை அடிமைத் தொழிலாளர் போன்ற வேறு குற்றங்களுக்காக.

கட்டு அவிழ அரை நூற்றாண்டு பிடித்தது. யூகோஸ்லாவியாவுக்காக 1993இல் அமைத்த நீதிமன்றத்தின் விதியில்கூட ஆயுத மோதல் என்ற நிபந்தனை இருந்தது. 1995இல் அதே நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு, டாடிச் வழக்கில், வழக்காற்றுச் சட்டத்தின்படி அந்தத் தொடர்பு இனித் தேவையில்லை என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் ஒப்பந்தம், இந்தக் குற்றத்தின் வரையறையில் போரைப் பற்றியே பேசவில்லை. குடிமக்கள் மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதியாக நடந்திருந்தால் போதும். 1938 நவம்பர் போன்ற ஒன்று இன்று நடந்தால் இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

ஆனால் அந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டுமென்றால், பொதுவாக, குற்றம் நடந்த நாடோ செய்தவரின் நாடோ அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐ.நா. பாதுகாப்பு அவை வழக்கை அனுப்ப வேண்டும். பெர்லினில் அந்தக் கமாவுக்குக் கையெழுத்துப் போட்ட நான்கு நாடுகளில் பிரிட்டனும் பிரான்சும் உறுப்பினர்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் இன்றுவரை சேரவில்லை, ஆனால் பாதுகாப்பு அவையில் இரண்டுக்கும் வீட்டோ உண்டு.