வணக்கம் சொல்லாதது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை தக்கலை வீட்டில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. புது மருமகள் முதல் தடவையாகப் போன் செய்கிறாள். ஸ்பீக்கரைப் போட்டுச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். "மாமி, நான்தான் பேசுதேன். சாப்பிட்டியளா? மாமா மாத்திரை போட்டாவளா?" இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள். போனை வைத்ததும், "ஒரு வணக்கம்கூட வரலியே" என்றார்கள்.

அவள் பேச்சில் எதில் மரியாதை குறைந்தது? முதல் வார்த்தையே மாமி. "சாப்பிட்டியளா", "போட்டாவளா" என்பதில் மரியாதை இருக்கிறது. நம் ஊரில் வணக்கம் மேடையிலும் ஆபீசிலும் சொல்வது. தினமும் கஞ்சி ஊற்றித் தரப்போகிற மாமியிடம் அதைச் சொன்னால் அந்நியமாகத்தான் இருக்கும். ஸ்தோத்திரம் சொல்லும் வீடுகள் உண்டு, அங்கே அதையே சொல்லலாம், சரி.

உண்மையில் தயங்குகிற பிள்ளைதான் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கும். அதில் மாமி என்ற சொல்லும் இல்லை, நீங்கள் என்ற சொல்லும் இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நழுவுகிற பேச்சு அது. இவள் நழுவவில்லை. திருநெல்வேலிக்காரி, அவள் வீட்டில் அத்தை என்பதுதான் வழக்கம். இங்கே மாமி என்று புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிட்டிருக்கிறாள். மாத்திரையை ஞாபகம் வைத்துக் கேட்டாளே, அது யார் காதிலும் விழவில்லையா?

நான் கல்யாணமான புதிதில் எஸ்டிடி பூத்தில் நின்று, "வணக்கம், நான் உங்கள் மருமகள் பேசுகிறேன்" என்று எழுதிவைத்து வாசித்தேன். மாமி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என்ன மக்ளே, யாரும் ஏசினாவளா?" என்று பதறிக் கேட்டார்கள். அவ்வளவு விறைப்பாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கே வணக்கத்தை விட்டேன்.

"அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. "ஹலோ, யாரு?" என்று தொடங்கினால் எனக்கும் பிடிக்காது. முடிக்கும்போது "வச்சிரட்டா மாமி?" என்று கேட்டு, அவர்கள் "செரி மக்ளே" என்ற பிறகு வைக்கணும். இவளும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள், அது ஆறு பேர் காதிலும் விழுந்தது. மாமா ரெண்டு வார்த்தையில் போனைத் திருப்பிக் கொடுத்தாரே, அதற்கும் அவளையா குறை சொல்வது? மாமனார்கள் போனில் அப்படித்தான் பேசுவார்கள்.

"பெரியவங்க எதிர்பார்ப்பாங்கல்லா" என்கிறார்கள். எதிர்பார்க்கட்டும். அதை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே. ஸ்பீக்கரில் போடுவதை அவளிடம் யாராவது சொன்னார்களா? அந்த வீட்டு மருமகன் முதல் தடவை கூப்பிட்டபோது என்ன சொன்னார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? யாரும் கவனிக்கவே இல்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

சொன்னதெல்லாம் அவள் காதுக்குப் போயிருக்கிறது. நேற்று மகன் மட்டும் கூப்பிட்டான். மாமி, "அவ எங்கப்பா?" என்று கேட்டதற்கு, "தூங்குதா" என்றானாம். சாயங்காலம் ஆறு மணிக்கு.